அம்மாவின் வயிற்றெரிச்சலை மலாயில் எப்படிச் சொல்வது?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. தமிழ் மட்டும்தான் தெரியும். அண்ணன் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டதிலிருந்து 'வயிறு எரியுது, ஈரக்குலை நடுங்குது' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். கிளினிக்குக்குத் துணையாக வந்த ஏஜெண்டு மலாயில் ஏதோ சொன்னார். டாக்டர் அமிலத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த முறை நானே போகிறேன். நான் எப்படிச் சொல்ல வேண்டும்? (வாசகி, கிள்ளான்)

பதில்: அந்த ஏஜெண்டு 'பெடிஹ் ஊலு ஹாத்தி' என்று சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். நாம் நெஞ்செரிச்சல் என்று சொல்லும் உடல் தொல்லைக்கு மலாயில் அதுதான் பெயர். அதைக் கேட்ட டாக்டர் அமில மாத்திரை கொடுத்ததில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

கிளினிக்குக்குப் புறப்படும் முன் அம்மாவை வீட்டில் உட்காரவைத்து, எரிகிற இடத்தைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்; எப்போது எரிகிறது என்றும் கேளுங்கள். சாப்பிட்ட பிறகு, புளியும் காரமும் சேர்ந்த நாளில், இரவு படுத்தவுடன் என்றால் அது உடம்பு. 'அவனை நினைச்சாலே எரியுது' என்றால் அது வஞ்சிக்கப்பட்ட தாயின் ஆற்றாமை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். துக்கத்தில் நேரத்துக்குச் சாப்பிடாத வயிறு உண்மையாகவே எரியும். அப்படியானால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே வாக்கியத்தில் கலந்தால் டாக்டர் தமக்குத் தெரிந்த மாத்திரை உள்ள பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்.

மனம் சம்பந்தப்பட்ட பாதியைச் சொல்லும்போதுதான் உறுப்புகள் இடம் மாறுகின்றன. மலாயில் ஹாத்தி என்பது உடலில் கல்லீரல். இதயத்துக்கு ஜந்துங் என்ற வேறு சொல் உண்டு. ஆனால் அன்பு, கோபம், மனத்தாங்கல், பொறாமை ஆகிய எல்லாம் குடியிருப்பது ஹாத்தியில்தான். நம் அகராதிகள் சில ஹாத்திக்கு நேராக 'இதயம்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போவதால், பள்ளியில் பல வருடம் மலாய் படித்த பிள்ளைகளுக்கும் இது தெளிவதில்லை. அம்மாவின் 'வயிறு எரியுது' என்பதற்கு மலாயில் நெருங்கிய சொல் 'சாக்கிட் ஹாத்தி'. அது பிறர் செய்த தீங்கினால் மனம் புண்பட்டு உள்ளே கனன்றுகொண்டிருப்பதைக் குறிக்கும். 'ஈரக்குலை நடுங்குது' என்பதற்கு நேர் சொல் 'கெச்சுட் பெருட்', அதாவது வயிறு சுருங்கிப்போவது. தமிழில் வயிற்றில் இருக்கும் ஆற்றாமை மலாயில் ஈரலுக்கும், தமிழில் ஈரலில் இருக்கும் பயம் மலாயில் வயிற்றுக்கும் போய்விடுகின்றன. சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஹாத்தி நடுங்குகிறது என்று சொன்னீர்களானால், அது மனம் நெகிழ்ந்து உருகுவதாக, சில நேரம் காதலாகக்கூடப் பொருள்படும்.

இருந்தாலும் கிளினிக்கில் இந்தச் சொற்றொடர்களை முன்னால் வைக்காதீர்கள். டாக்டருக்கு வேண்டியது கண்டு கேட்கக்கூடிய விவரம்: தூக்கம் இல்லை என்றால் 'சூசா தீடோர்', சாப்பாடு இறங்கவில்லை என்றால் 'தாக் லாலு மாக்கான்', பயமாக இருக்கிறது என்றால் 'தாக்குட்', நெஞ்சு படபடக்கிறது என்றால் 'பெர்டெபார்-டெபார்'. இவற்றை எத்தனை வாரமாக என்பதோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதற்குக் கீழே, வீட்டுப் பிரச்சினையால் அம்மாவுக்குச் சாக்கிட் ஹாத்தி என்று ஒரு வரி போதும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஹாத்தி என்ற சொல் வந்தாலே உணர்ச்சிப் பேச்சு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஊலு ஹாத்தி என்பது நெஞ்செலும்பு முடிந்து விலா எலும்புகள் பிரியும் குழி. அங்கே எரிகிறது, வலிக்கிறது என்பது முழுக்க முழுக்க உடம்பின் பேச்சு. தமிழில் அதே இடத்தை ஒருவர் நெஞ்சு என்பார், இன்னொருவர் மேல்வயிறு என்பார், இருவரும் ஒரே குழியைத்தான் காட்டுவார்கள்; அதனால்தான் கையால் தொட்டுக் காட்டச் சொன்னேன். மாரடைப்பும் சில நேரம் அந்தக் குழியில்தான், எரிச்சலைப் போலவே தொடங்கும். வயதான பெண்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் அப்படித் தொடங்குவது சாதாரணம். நடந்தால் கூடுகிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, தாடைக்கோ கைக்கோ பரவுகிறது என்றால், அது மனவேதனையா அமிலமா என்று வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள். வந்து பார்ப்பவர்களிடம் மொழிபெயர்ப்பு முக்கியமல்ல, கையைக் குழியில் வைத்துக் காட்டினாலே போதும். அவசரம் இல்லாத நாளிலும், டாக்டர் முன்னால் அம்மாவே தம் கையால் இடத்தைக் காட்டட்டும், நீங்கள் காட்டாதீர்கள்.

காகிதங்களிலும் இதே குழப்பம் வரும். 'யூஜியான் ஃபங்சி ஹாத்தி' என்பது கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை. அதை இதயப் பரிசோதனை என்று ஒரு தரகர் விளக்கியதை நம்பி, இதயம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடைந்த குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். இதயத்தை யாரும் பரிசோதிக்கவே இல்லை. கல்லீரல் நோயைச் சொல்ல வேண்டுமானால் 'பெஞ்ஞாக்கிட் ஹாத்தி' என்று சொல்லி விலாவுக்குக் கீழே வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டுங்கள், ஏனெனில் சமயப் பேச்சில் அந்தத் தொடரே பொறாமை, கர்வம் போன்ற உள்ளத்தின் அழுக்குகளையும் குறிக்கும்.

துணைக்கு வரும் ஏஜெண்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மா இரண்டு நிமிடம் பேசி, அவர் மலாயில் மூன்று சொல் சொன்னால், நடந்தது மொழிபெயர்ப்பு அல்ல. அவருக்கு அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த நாட்டில் இத்தனை லட்சம் தமிழர் இருந்தும், ஒரு தாயின் வேதனையை டாக்டரிடம் சொல்லத் தரகரையோ, பள்ளிக்கு மட்டம் போட்ட பேரப்பிள்ளையையோ, துடைப்பத்தோடு நிற்கும் பணியாளரையோ நம்ப வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதிவு மேசையில் கேளுங்கள். இல்லை என்பார்கள். பரவாயில்லை, கேட்டுவிட்டுப் போங்கள்.

அதே ஏஜெண்டு வீட்டு விவகாரத்துக்குப் போலீஸ் புகாரும் எழுதித் தருகிறேன் என்று வருவார். அப்போது கிளினிக்கில் நான் சொல்லச் சொன்ன சாக்கிட் ஹாத்தி அந்தப் புகாரில் ஒரு வரியிலும் இருக்கக் கூடாது. டாக்டருக்கு அது வேதனை. புகாரைப் படிப்பவருக்கோ அது பகை. டென்டாம், அதாவது வஞ்சம், என்ற சொல்லுக்கு அது பக்கத்து வீடு. மகன்மேல் வன்மத்தால் தாய் புகார் கொடுக்கிறார் என்று எதிர்த்தரப்பு வாதாட அந்த ஒரு தொடரே இடம் கொடுத்துவிடும். புகாரில் எந்தத் தேதியில், எந்தத் தாளில், யார் முன்னிலையில், என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது மட்டும் இருக்கட்டும். கையெழுத்திடும் முன் முழுவதையும் உரக்க வாசிக்கச் சொல்லி, நீங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள்.

கொடுத்த அமில மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எரிச்சல் எவ்வளவு குறைந்தது என்பதும் அந்தத் தாளில் எழுத வேண்டிய விவரம்தான்.