கடன் பட்டியலில் பத்து சதவீதம் பதினெட்டு ஆகும் கதை

கேள்வி: எனக்கு மூன்று கடன்கள். கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி, வட்டி 3 சதவீதம் என்று ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. பர்சனல் லோனில் 1,20,000 பாக்கி, வட்டி 15 சதவீதம், மாதத் தவணை 5,800. வீட்டுக்குப் பொருள் வாங்கிய கடன் 48,000. வட்டி 10 சதவீதம், 24 மாதம், தவணை 2,400, பத்துத் தவணை கட்டிவிட்டேன். பாக்கி, வட்டி, கடைசி தேதி, குறைந்தபட்சத் தொகை என்று நான்கு கட்டம் போட்டு மாதாமாதம் எழுதுகிறேன். எழுதுகிறேனே தவிர, கையில் கூடுதலாக 2,000 இருந்தால் எதில் போடுவது என்றுகூடத் தெரியவில்லை. சம்பளம் 7-ம் தேதி வரும், கார்டுக்குக் கடைசி நாள் 5.

பதில்: நான்கு கட்டங்களில் மூன்று சரியாகவே இருக்கின்றன. சிக்கல் வட்டிக் கட்டத்தில். 3, 15, 10 என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எண்களும் மூன்று விதமாகக் கணக்கிட்டவை. ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாதவை.

கார்டின் 3 சதவீதம் மாத வட்டி. பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக்கு 36 என்று எழுதுங்கள். பர்சனல் லோனின் 15 ஆண்டு வட்டிதான், அதுவும் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு மட்டும் கணக்கிடுவது. அதை அப்படியே விடலாம்.

பொருள் கடனின் 10 சதவீதம்தான் ஆளை ஏமாற்றுவது. 48,000-க்கு 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 4,800, இரண்டு ஆண்டுக்கு 9,600. கூட்டினால் 57,600. அதை 24-ஆல் வகுத்தால் உங்கள் தவணை 2,400 அப்படியே வருகிறது. அப்படி என்றால் இது ஃபிளாட் வட்டி. நீங்கள் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 48,000-க்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். குறையும் பாக்கிக்கு 10 சதவீதம் என்றால் தவணை சுமார் 2,215-தான் வந்திருக்கும். உண்மையான வட்டியைத் தெரிந்துகொள்ள, உங்கள் ஷீட்டில் ஒரு காலிக் கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=RATE(24,-2400,48000)*12
```

முதல் எண் மொத்தத் தவணைகள், இரண்டாவது தவணைத் தொகை, மூன்றாவது உங்களுக்குக் கிடைத்த கடன். தவணைக்கு முன்னால் கழித்தல் குறி கட்டாயம், அது உங்கள் கையிலிருந்து போகும் பணம். விடை 0.18-க்குக் கொஞ்சம் மேலே வரும். அதாவது ஆண்டுக்கு 18 சதவீதம் சொச்சம். கடன் தரும்போதே செயலாக்கக் கட்டணம் பிடித்திருந்தால், 48,000-லிருந்து அதைக் கழித்துவிட்டுப் போடுங்கள், வட்டி இன்னும் ஏறும். இருப்பதிலேயே மலிவு என்று நீங்கள் நினைத்த கடன் பர்சனல் லோனைவிடக் காஸ்ட்லி.

இதே கடனின் பாக்கிக் கட்டத்தையும் பாருங்கள். மீதி 14 தவணை, ஒவ்வொன்றும் 2,400 என்று பெருக்கி 33,600 என எழுதியிருந்தால் அதில் இனி வரப்போகும் வட்டியும் சேர்ந்திருக்கிறது. குறையும் பாக்கிக் கணக்கில் அசல் சுமார் 30,000-தான் நிற்க வேண்டும். ஆனால் ஃபிளாட் கடனில் முன்கூட்டி முடித்தால் எவ்வளவு கழிவு தருவார்கள் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. "இன்று முழுவதும் முடித்தால் எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அந்த எண்ணை பாக்கியாக எழுதுங்கள். 33,600-க்குப் பக்கத்திலேயே சொன்னால், இந்தக் கடனில் கூடுதல் பணம் போடுவதில் லாபமில்லை, தவணைப்படியே போகட்டும்.

சரி, இப்போது ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்க்கலாம்: இந்த மாத வட்டி. பாக்கியை ஆண்டு வட்டியால் பெருக்கி, பன்னிரண்டால் வகுக்க வேண்டும். கார்டில் 1,800 வரும். பர்சனல் லோனில் 1,500. பாதிப் பாக்கியுள்ள கார்டு முழுப் பாக்கியுள்ள லோனைவிட அதிகம் தின்கிறது. கார்டின் குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3,000 கட்ட வேண்டும். அதில் அசல் குறைவது 1,200 மட்டுமே. லோன் தவணை 5,800-ல் 4,300 அசலுக்குப் போகிறது. உங்கள் கூடுதல் 2,000-ஐ கார்டில் போட்டால் அடுத்த மாத வட்டியில் 60 மிச்சம், லோனில் போட்டால் 25. கார்டுதான், யோசிக்கவே வேண்டாம். அதில் புதிதாக எதுவும் வாங்காமல் இருக்க வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலேயே அடக்கம்.

கார்டின் குறைந்தபட்சத் தொகை பாக்கியோடு சேர்ந்து தானும் குறையும். அவர்கள் சொல்வதை மட்டும் கட்டிக்கொண்டே போனால் ஓராண்டில் சுமார் 32,300 கட்டியிருப்பீர்கள், பாக்கியோ 47,000-ல் நிற்கும். முதல் மாதத்தின் 3,000-ஐயே மாற்றாமல் கட்டினால் ஆண்டு முடிவில் 43,000. அதனால் குறைந்தபட்சம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'கட்டப்போவது' என்று உங்கள் சொந்த எண்ணை எழுதி வையுங்கள்.

அப்புறம் தேதி. 7-ம் தேதி சம்பளம், 5-ம் தேதி கடைசி நாள் என்றால் கார்டுக்கான பணம் முந்தைய மாதச் சம்பளத்திலிருந்து நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அது எங்கே காத்திருக்கப் போகிறது! கடைசி தேதியை 10-க்கு மேல் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் செய்து தருவார்கள். அது நடக்கும்வரை சம்பளம் வந்த அன்றே கார்டுக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ஆனால் அன்றே கட்டிவிடாதீர்கள்: புது ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே கட்டிய பணம் அந்த ஸ்டேட்மென்ட்டின் குறைந்தபட்சத் தொகைக்குச் சேராமல் போகலாம். ஸ்டேட்மென்ட் தயாராகும் தேதியையும் ஷீட்டில் குறித்து, அது வந்த பிறகே கட்டுங்கள்.

மாதம் ஒருமுறை புது எண்களை ஏற்றும்போது ஒரு சரிபார்ப்பு போதும். போன மாதப் பாக்கியோடு வட்டியைக் கூட்டி, கட்டியதைக் கழியுங்கள். கார்டுக்கு 60,000, 1,800, 3,000 என்றால் 58,800 வர வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் பத்து இருபது தள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள், வட்டியை நாள்கணக்கில் போடுவதால் வரும் வித்தியாசம் அது. நூற்றுக்கணக்கில் தள்ளியிருந்தால் வட்டி மீதான வரியோ, தாமதக் கட்டணமோ, நீங்கள் கேட்காத காப்பீடோ, மறந்துபோன சந்தாவோ உள்ளே இருக்கிறது. ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பாருங்கள்.

கார்டு பாக்கியை முழுவதும் கட்டிய மாதத்தில் அந்த வரிசையை அழித்துவிடாதீர்கள். ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடையிலான நாட்களின் வட்டி அடுத்த மாதம் சின்னத் தொகையாக வந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் அதற்கும் தாமதக் கட்டணம் போடக்கூடும். பூஜ்யம் காட்டும் ஸ்டேட்மென்ட் தொடர்ந்து இரண்டு மாதம் வந்த பிறகு அழியுங்கள்.