நீண்ட செய்தியை எங்கே வெட்டுவது?

"குடும்பக் குழுவில் விவரமாக எழுதினால் பாதிக்குத்தான் பதில் வருகிறது. எப்போது பிரித்து அனுப்ப வேண்டும்?"

தனியாகப் பதில் வேண்டிய ஒவ்வொரு விஷயமும் ஒரு தனிச் செய்தி. நீளத்தை அளக்க வேண்டாம், பதில்களை எண்ணுங்கள்.

காரணம் எளிது. வாட்ஸ்அப்பில் மேற்கோள் காட்டுவதும் கட்டைவிரல் போடுவதும் முழுச் செய்திக்குத்தான் விழும். மூன்று கேள்விக்கு ஒரு கட்டைவிரல் வந்தால் எதற்குச் சம்மதம் என்று தெரியாது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். பட்டர்வொர்த்துக்கு ரயிலில் வரும் அத்தையை யார் அழைத்து வருவது? பால்குடம் எத்தனை பேர்? இரண்டுக்கும் பதில் சொல்பவர்கள் வேறு. ஆகவே இரண்டு செய்தி. ஆனால் "காலை 5 மணிக்குக் கிளம்புகிறோம், மழை என்றால் 6 மணி" என்பதை உடைக்கக் கூடாது. குழுவில் இடையே வேறு யாராவது எழுதிவிடுவார்கள். முதல் பாதியை மட்டும் ஒருவர் பாட்டிக்கு அனுப்பிவைக்க, பாட்டி மழையில் நிற்பார். நிபந்தனை தன் விஷயத்தோடுதான் இருக்க வேண்டும்.

கடையில் பொங்குஸ் கட்டுவதைப் பாருங்கள்: சோறு ஒரு பொட்டலம், குழம்பு தனிப் பை. சோற்றைப் பத்துப் பொட்டலமாக யாரும் கட்டுவதில்லை.

பிரிப்பது என்றால் வரிக்கு ஒரு செய்தி என்று பலர் நினைக்கிறார்கள். "வணக்கம்" ஒன்று, "அண்ணே" ஒன்று என அனுப்பினால் கைப்பேசி இரண்டு முறை ஒலிக்கும், கேள்வி இன்னும் வந்திருக்காது.