பஸ்ஸில் தொடங்கும் ஆங்கில வாசிப்பு

கேள்வி: இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் தமிழை நன்றாக வாசிக்கிறார்கள். ஆங்கில எழுத்துகள் அத்தனையும் தெரியும். ஆனால் ஒரு சொல்லைக் காட்டினால் எழுத்துகளின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். தெரிந்த சொற்களை வைத்துத் தொடங்கலாமா?

பதில்:
அன்புள்ள ஆசிரியைக்கு,

தொடங்கலாம். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல் எல்லாம் முதல் பாடத்துக்கு ஆகாது. ‘ஸ்கூல்’, ‘ஃபோன்’, ‘லைட்’ ஆகியவற்றை அவர்கள் நாள்தோறும் சொன்னாலும், அவற்றில் எழுத்து ஒரு வழியிலும் ஒலி வேறு வழியிலும் போகின்றன. எழுத்துக்கு ஓர் ஒலியாக அமைந்த மூன்றெழுத்துச் சொற்களை எடுங்கள். பஸ், ஜக், ரன், கட் ஆகிய நான்கும் ஒரு வாரத்துக்குப் போதும். நான்கிலும் நடுவே நிற்பது யு என்ற எழுத்து. இங்கே அதன் ஒலி நம் அகரத்துக்கு மிக நெருக்கமானது. ‘பேட்’, ‘ஃபேன்’ என்பவற்றின் நடு ஒலி தமிழில் இல்லாததால் அவை பிறகு வரட்டும்.

பி, யு, எஸ் என்று எவ்வளவு விரைவாகச் சொன்னாலும் ‘பஸ்’ வராது என்பதே உங்கள் பிள்ளைகளின் சிக்கல். அதற்கான மருந்து அவர்கள் படித்த உயிர்மெய்ப் பாடத்திலேயே இருக்கிறது. முதலில் பலகையில் எதையும் எழுதாமல், பேருந்துப் படத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ‘ப்–அ–ஸ்’ என்று மூன்று விரல்களை மடக்கிப் பிரிக்கட்டும். ப் உடன் அ சேர்ந்தால் ப என்பது அவர்களுக்குத் தெரிந்ததே. தமிழ் அந்த இரண்டையும் ஒரே எழுத்தாக்குகிறது, ஆங்கிலம் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறது என்று சொல்லி, ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்தட்டையை இடமிருந்து வலமாக வையுங்கள்.

ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் தமிழில் எழுதிக் காட்டாதீர்கள். நானும் தொடக்கத்தில் அப்படிச் செய்தேன். பிள்ளைகள் கீழ்வரியை மட்டும் படித்தார்கள் என்பதை, அதை அழித்த அன்றுதான் கண்டுகொண்டேன். மேலும் படுக்கையைக் குறிக்கும் சொல்லும், வளர்ப்புப் பிராணியைக் குறிக்கும் சொல்லும் தமிழில் ‘பெட்’ என்றே ஒன்றாகிவிடும். அவ்விரு சொற்களின் முதல் எழுத்துகள் இரண்டையும் நம் பகரம் ஒன்றே தாங்குவதால், அவ்விரண்டையும் ஒரே வாரத்தில் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

வார முடிவில் படங்களை எடுத்துவிட்டு, ‘ரன்’ அட்டைகளில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி, ‘பஸ்’ஸின் கடைசி எழுத்தை அங்கே வையுங்கள். உருவத்தை மனப்பாடம் செய்த பிள்ளை ‘ரன்’ என்றோ ‘பஸ்’ என்றோ சொல்லும். ஒலியைக் கூட்டும் பிள்ளை சற்றுத் தயங்கி ‘ஸ்–அ–ன், சன்’ என்னும். தவறிய பிள்ளைக்குப் புதிய சொல் வேண்டாம். அதே நான்கு சொற்களை மறுபடி விரல் மடக்கிப் பிரிக்கச் செய்யுங்கள். இதே யு சில சொற்களில் உகரமாக ஒலிக்கும். அவற்றை இந்த அட்டைகளில் பிள்ளைகள் தடுமாறாமல் படிக்கும் வரை எடுக்காதீர்கள்.