இரும்பு மாத்திரையும் மஞ்சள் பாலும் ஒரே நேரத்தில் வேண்டாம்

கேள்வி: டொக்டர், எனக்கு 36 வயது. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மழை தொடங்கினால் தடிமன் விடாது. அம்மா சொன்னபடி தினமும் படுக்கும்போது மஞ்சள் பால் குடிக்கிறேன். அது தூக்கத்துக்கும் நல்லது என்கிறார்கள், ஆனால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. படுத்ததும் காலுக்குள் எறும்பு ஊறுவது போல இருக்கிறது, எழும்பி நடந்தால்தான் சரியாகிறது. கிளினிக்கில் ஹீமோகுளோபின் 9.4 என்று இரும்பு மாத்திரை தந்தார்கள். மூன்று மாதமாகியும் ஏறவில்லை. மாத்திரையையும் அந்தப் பாலோடுதான் விழுங்குகிறேன். மஞ்சள் பால் உண்மையிலேயே மருந்தா?

பதில்: முதலில் ஒரு வேலை. இன்று இரவிலிருந்து அந்த மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். உங்கள் தூக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருளின் பெயர் குர்குமின். மஞ்சளைப் பற்றி வரும் நல்ல செய்திகளில் பெரும்பாலானவை இந்தக் குர்குமினைப் பற்றியவைதான். ஆனால் மஞ்சள் தூளில் அது ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே. கால் தேக்கரண்டி மஞ்சள் போட்டால், அதில் இருக்கும் குர்குமின் சுமார் 20 மில்லிகிராம். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பொதுவாக 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். அவ்வளவு கொடுத்தும் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் கொஞ்சமே போய்ச் சேர்கிறது.

மிளகு போட்டால் அது மாறும் என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பார். அதில் உண்மை உண்டு. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் குர்குமின் பல மடங்கு கூடியது. ஒரு சிட்டிகை மிளகுத் தூளில் அதற்கு நெருங்கிய அளவு பைப்பரின் இருக்கும். ஆனால் உங்கள் கோப்பையில் இருக்கும் குர்குமின் அந்த ஆய்வில் கொடுத்ததில் நூற்றில் ஒரு பங்குதான். அந்த ஆய்விலும் கூடிய அளவு முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் இறங்கிவிட்டது.

சரி, தடிமனுக்கு? மஞ்சள் பால் குடித்தால் தடிமன் சீக்கிரம் மாறும் என்று காட்டிய நம்பத்தகுந்த மனித ஆய்வு எதுவும் இல்லை. அது நம் வழக்கம், அவ்வளவுதான். ஆனால் குடித்ததும் தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அது பொய்யான உணர்வு இல்லை. அந்த இதம் சூட்டிலிருந்து வருகிறது. 2008இல் பிரிட்டனின் கார்டிஃபில், தடிமன் பிடித்த 30 பேருக்கு ஒரே பழப்பானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கில் காற்றோட்டத்தை அளந்தபோது மாற்றம் இல்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்களுக்கு மூக்கு ஒழுகல், இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர் நடுக்கம், களைப்பு எல்லாம் உடனே குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். கொத்தமல்லித் தண்ணி, இஞ்சிப் பிளேன்டீ, மஞ்சள் பால் எது குடித்தாலும் சூட்டின் பங்கு ஒன்றுதான். நானு ஓயாவில் பனி விழும் மாதங்களில் அது சின்ன ஆறுதல் அல்ல. பால் குடித்தால் சளி கட்டும் என்று சிலர் தடுப்பார்கள். அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள், பால் குடிப்பதால் மூக்குச் சளி கூடவில்லை. ஆகவே தடிமனுக்காகப் பாலை நிறுத்த வேண்டாம். இருமல் அதிகமானால் மஞ்சளை விட ஒரு தேக்கரண்டி தேனுக்குத்தான் கூடுதல் ஆதாரம் இருக்கிறது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

இனித் தூக்கம். பாலில் டிரிப்டோஃபேன் என்ற பொருள் இருக்கிறது, அதுதான் தூக்கம் தருகிறது என்பார்கள். ஒரு கோப்பைப் பாலில் அது 100 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். தூக்கத்தைப் பார்த்த ஆய்வுகளில் ஒரு கிராமும் அதற்கு மேலும் கொடுத்திருக்கிறார்கள், அதாவது பத்துக் கோப்பைக்கு மேல். மஞ்சளுக்குத் தூக்கம் வரவைக்கும் வேலை இருப்பதாக உறுதியான சான்று இல்லை. வேலையெல்லாம் முடித்து, கை கால் கழுவி, ஒரு சூடான கோப்பையோடு அமைதியாக உட்காரும் அந்த வழக்கம் தூக்கத்துக்கு உதவுவது உண்மை. பலருக்கு அது போதும். உங்களுக்குப் போதவில்லை, அதற்குக் காரணம் உங்கள் கால்.

நீங்கள் எழுதியதில் நான்கு அடையாளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். காலை அசைக்க வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல், சும்மா இருக்கும்போது அது கூடுவது, நடந்தாலோ ஆட்டினாலோ குறைவது, பகலை விட இரவில் மோசமாவது. நான்கும் இருந்தால் இது அமைதியற்ற கால் என்று நாங்கள் சொல்லும் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். மலை ஏறி இறங்கும் உங்களைப் போன்றவர்களுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் உண்டு, அது வேறு. அதில் தசை கல்லாக இறுகி வலிக்கும். இதில் தசை இறுகாது, ஆனால் கால் சும்மா இருக்க விடாது.

இந்த நோய்க்கு மிக முக்கியமான, மாற்றக்கூடிய காரணம் உடலில் இரும்புச் சத்துக் குறைவு. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்க வேண்டும், உங்களுடையது 9.4. இந்தக் குறைவை மாற்ற உங்களுக்கு மாத்திரை தந்திருக்கிறார்கள். அதை நீங்கள் பாலோடு விழுங்குகிறீர்கள். ஒரு கோப்பைப் பாலில், மாப்பாலாக இருந்தாலும், ஏறத்தாழ 200 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். இந்த அளவு கால்சியம் ஒரே நேரத்தில் குடலில் இருந்தால் இரும்பு உறிஞ்சப்படுவது பாதியாகக்கூடக் குறையலாம். மஞ்சளும் இரும்பைப் பிடித்துவைக்கக்கூடியது. சமையல் அளவில் அது பெரிதாகத் தெரியாது. மஞ்சளை மாத்திரையாக அதிக அளவில் எடுத்தவருக்கு இரத்தச்சோகையே வந்ததாகப் பதிவு இருக்கிறது. தேயிலை இன்னும் மோசம். தேயிலைச் சாயம் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை உடலுக்குள் விடாது.

ஆகவே உங்கள் நாளை இப்படிப் பிரித்துப் பாருங்கள். காலையில் பிரட்டுக்குப் போகும் முன்பும், மலையில் பத்து மணிக்கும் குடிக்கும் தேத்தண்ணி இருக்கட்டும். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் குடிக்கும் தேத்தண்ணிக்குப் பதிலாக அந்த மஞ்சள் பாலைக் குடியுங்கள். இதனால் இரண்டு நன்மை. தேத்தண்ணியில் இருக்கும் கஃபீன் பாதி குறையவே ஐந்து மணி நேரமளவு ஆகும், அது காலின் தொல்லையைக் கூட்டி, தூக்கத்தையும் கெடுக்கும். படுக்கும்போது ஒரு கோப்பைப் பால் குடிக்காததால், லயத்துக்கு வெளியே போய் வர வேண்டிய கழிப்பறைக்குக் குளிரில் இரவில் எழும்புவதும் குறையும். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு என்றால் அதோடு தேத்தண்ணி வேண்டாம். ஒன்பதரைக்கு மாத்திரையைத் தண்ணீரோடு, அரைத் தேசிக்காய் பிழிந்து விழுங்குங்கள். புளிப்பிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே எடுக்க உதவும். கால்சியம் மாத்திரையும் தந்திருந்தால் அது பகல் சாப்பாட்டோடு இருக்கட்டும். குமட்டல் வந்தால் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளலாம், பாலை மட்டும் இடையில் நுழைக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், அது இரும்பின் நிறம், பயந்து நிறுத்த வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தடிமனும் உங்களுக்கு வருகிறது. கடையில் வாங்கும் தடிமன் மாத்திரைகளில் தூக்கக் கலக்கம் தரும் குளோர்ஃபெனிரமின் போன்றவை பெரும்பாலும் இருக்கும். சாதாரண ஆளுக்கு அது தூக்கம் தரும். அமைதியற்ற கால் உள்ளவருக்கு அன்றிரவு காலின் தொல்லை கூடிவிடும். தடிமனோடு தூங்காத இரவுகள் உங்களுக்கு அதிகமென்றால் அந்த மாத்திரையையும் சந்தேகப்படுங்கள்.

மஞ்சள் தூள் விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. 2019 கடைசியில் இறக்குமதி தடைப்பட்ட பிறகு விலை எகிறி, தூளில் மாவு கலந்து விற்பது நாடு முழுக்கப் பேச்சாக இருந்தது. முடிந்தால் காய்ந்த மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். குர்குமின் கப்சூல் வாங்கிக் குடிக்கப் போகாதீர்கள். மிளகுச் சாறு சேர்த்த அப்படிப்பட்ட கப்சூல்களால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். சமையலறை மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை. வீட்டில் யாராவது வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து குடித்தால் மஞ்சளை மருந்தாகக் கூட்டும் முன் அவருடைய டொக்டரைக் கேளுங்கள்.

இந்த மாற்றத்தைச் செய்த நான்கு வாரத்தில் இரத்தத்தைத் திரும்பப் பாருங்கள். இரும்புதான் குறை, மாத்திரையும் உள்ளே போகிறது என்றால் ஹீமோகுளோபின் குறைந்தது ஒரு கிராமாவது ஏறியிருக்கும். காலின் தொல்லை சில வாரங்கள் கழித்துத்தான் தணியும், ஏனென்றால் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப நேரம் எடுக்கும். ஏறினால் 12ஐ எட்டிய பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும். ஏறவில்லை என்றால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைக் கிளினிக்கில் கேளுங்கள். மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது, கட்டியாகப் போகிறதா என்று சொல்லுங்கள். கொக்கிப்புழுவுக்குக் கடைசியாக மருந்து குடித்தது எப்போது என்றும் சொல்லுங்கள். ஹீமோகுளோபினைக் குறைக்கும் பரம்பரை நோயான தலசீமியா இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் எழுதச் சொல்லலாம். தடிமனோடு மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் இழுப்புச் சத்தம் கேட்டாலோ அந்த நான்கு வாரம் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.