ஒரே வண்டி, இரண்டு ஆர்டர்: கேள்வி பதில்

துணிக்கடைத் தளம் நடத்துபவர்: ஒரே வாடிக்கையாளர், ஒரே புடவை, நான்கு விநாடி இடைவெளியில் இரண்டு ஆர்டர் எண்கள். அழுத்தியதும் பட்டன் செயலிழக்கும்படி செய்துவிட்டோம். ஆனாலும் இது நிற்கவில்லை.

நான் சரிசெய்த ஒரு தளத்தில் சர்வர் பதிவைத் திறந்தபோது, முதல் கோரிக்கை 11:04:07க்கும் இரண்டாவது 11:04:11க்கும் வந்திருந்தன. பதில் அனுப்பும் முன்பே உறுதிப்படுத்தும் மின்னஞ்சலையும் அனுப்பிக்கொண்டிருந்ததால், முதல் கோரிக்கை முடிய ஏழு விநாடி ஆனது. அதற்குள் வாடிக்கையாளர் பக்கத்தை நிறுத்தி, மறுபடி அழுத்திவிட்டார். பட்டனை முடக்குவது அவசர விரலைத் தடுக்கும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேரும் முன் அழுத்துபவரையோ, பின்னே சென்று திரும்பி வருபவரையோ அது தடுக்காது. அந்த மின்னஞ்சலை முதலில் பின்னணி வேலையாக மாற்றுங்கள். ஆனால் உண்மையான காவல் தரவுத்தளத்தில்தான் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் பணம் செலுத்தும் பக்கத்துக்கு வரும்போது ஒரு தனி எண்ணை உருவாக்கி, அதை அவருடைய வண்டியோடு சேமித்து, படிவத்தில் மறைபுலமாக வைத்து அனுப்புங்கள். ஆர்டர் அட்டவணையில் அந்த எண் இருமுறை வர முடியாதபடி செய்யுங்கள்:

```sql
ALTER TABLE orders
  ADD form_key CHAR(36) NULL,
  ADD UNIQUE KEY uq_form_key (form_key);
```

பழைய ஆர்டர்களில் இந்தப் புலம் `NULL` ஆக இருக்கும். மைஎஸ்கியூஎல் அதை எதிர்க்காது. இரண்டாவது கோரிக்கையின் `INSERT` 1062 என்ற பிழையோடு நிற்கும். அப்போது அந்த எண்ணுக்குரிய ஆர்டரை எடுத்து, முதல் கோரிக்கைக்குக் காட்டவிருந்த அதே பக்கத்தைக் காட்டுங்கள்.

நிரல் எழுதுபவர்: சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை ஒருமுறை பயன்படுத்தியதும் அழித்துவிட்டால் இதெல்லாம் தேவையில்லையே?

பாதி உண்மை. பல தளங்களில் அந்த டோக்கன் அமர்வு முழுவதும் ஒன்றேயாக இருக்கும். அங்கே இரு கோரிக்கைகளும் தடையின்றி உள்ளே வரும். நீங்கள் சொல்வதுபோல் அழித்தாலும், இரண்டாவது கோரிக்கைக்குப் பிழைப்பக்கம் போகும். உலாவி கடைசியாக அனுப்பிய கோரிக்கையின் பதிலைத்தான் காட்டும் என்பதால், ஆர்டர் பதிவாகியிருந்தும் வாடிக்கையாளர் "தோல்வி" என்று படிப்பார். பிறகு புதிதாக மறுபடி ஆர்டர் செய்வார். தடுப்பதோடு வேலை முடிவதில்லை. முதல் ஆர்டரின் விவரம் அவர் கண்ணில் பட வேண்டும். `SELECT` மூலம் தேடிப் பார்த்துவிட்டு `INSERT` செய்வதையும் நம்ப வேண்டாம். இரு கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் தேடி, இரண்டுமே "இல்லை" என்ற விடையைப் பெறக்கூடும்.

புதிதாகக் கற்பவர்: ஆர்டர் முடிந்ததும் 303 மூலம் வேறு பக்கத்துக்கு அனுப்புகிறேன். போதும்தானே?

நன்றிப் பக்கத்தைப் புதுப்பித்தால் படிவம் மறுபடி போகாமல் அது காக்கும். பதிலே இன்னும் வராத அந்த ஏழு விநாடிகளில் அதற்கு வேலையில்லை.

மளிகைக்கடைக்காரர்: எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வேண்டுமென்றே ஒரே பொருட்களை இருமுறை வாங்குவார், ஒன்று தன் வீட்டுக்கு, ஒன்று அம்மா வீட்டுக்கு. அவரைத் தடுத்துவிடாதா?

பொருளையும் தொகையையும் ஒப்பிட்டு, "ஐந்து நிமிடத்துக்குள் ஒரே மாதிரி ஆர்டர் கூடாது" என்று விதி வைப்பவர்கள்தாம் அவரைத் தடுப்பார்கள். இங்கே எண் வண்டிக்கு உரியது. ஆர்டர் முடிந்தபின் அவர் தொடங்கும் புதிய வண்டிக்குப் புதிய எண் கிடைக்கும். பக்கத்தை ஏற்றும்போதெல்லாம் எண்ணை மாற்றாதீர்கள். மாற்றினால் பின்னே சென்று வருபவர் புதிய எண்ணோடு வந்து மீண்டும் இரட்டை ஆர்டர் உருவாகும். ஆனால், முதல் கோரிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பி வந்து அரிசியின் அளவை மாற்றினால், அது திருத்தமா, புதிய ஆர்டரா என்று நிரலால் அறிய முடியாது. நான் அவரிடமே கேட்கும் பக்கத்தைக் காட்டுவேன். வேறு விதமாகச் செய்பவர்களும் உண்டு.

துணிக்கடைத் தளம் நடத்துபவர்: நீங்கள் சொன்னபடி செய்தேன். இப்போது இரண்டாவது கோரிக்கை நெடுநேரம் தொங்குகிறது.

ஆர்டரை எழுதிய பரிவர்த்தனையை முடிக்காமலே கட்டண நுழைவாயிலை அழைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முதல் பரிவர்த்தனை முடியும்வரை அதே எண்ணுள்ள இரண்டாவது `INSERT` காத்திருக்கும். `innodb_lock_wait_timeout` மாற்றப்படாவிட்டால் அது 50 விநாடி வரை நீளலாம். ஆர்டரை "நிலுவை" என்ற நிலையில் எழுதி உடனே `COMMIT` செய்யுங்கள்; பிறகு, அதே எண்ணையே கோரிக்கை அடையாளமாகக் கொடுத்து நுழைவாயிலை அழையுங்கள். இரண்டாவது கோரிக்கை அப்போது உடனே 1062 பெற்று, "உங்கள் ஆர்டர் நடைபெறுகிறது" என்று காட்ட முடியும். பணம் எடுக்கப்பட்டபின், நிலையை மாற்றும் முன் சர்வர் விழுந்தால் ஆர்டர் நிலுவையிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்டவற்றை நுழைவாயிலிடம் கேட்டுச் சரிபார்க்க ஒரு தனி வேலை சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓட வேண்டும்.