வளரும் பையனுக்குக் கிரிக்கெட் கால் பேட்: வயதா, உயரமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, உயரம் 162 செ.மீ. கடையில் ‘12–14 வயது’ என்று ஒட்டியிருந்த பாய்ஸ் அளவு கால் பேட்டைக் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தால் சின்னதாக இருக்கிறது. வளர்கிற பையன்தானே, பெரியவர்கள் அளவையே வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 13 வயதுப் பையன்கள் பத்துப் பேரை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒருவனுடைய தோள் உயரத்தில் இன்னொருவனின் தலை இருக்கும். அந்த ஒட்டுச்சீட்டு யார் காலையும் அளந்து எழுதியதல்ல.

உங்கள் பையனின் உயரத்துக்கு, பாய்ஸ் அளவுக்கும் பெரியவர்கள் அளவுக்கும் நடுவிலுள்ள யூத் அளவு பொருந்த வேண்டும். ஆனாலும் காலை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். விளையாடும் ஷூவைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, ஷூவின் மேற்புறம் பேட் வந்து அமரும் இடத்திலிருந்து முழங்கால் சில்லின் நடுப்பகுதி வரை டேப் பிடியுங்கள். ஏறத்தாழ 38 முதல் 41 செ.மீ. வரை இருந்தால் யூத். அதற்கு மேல் போனால்தான் பெரியவர்கள் அளவு. நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும் என்பதால் அவர்களின் அளவுப் பட்டியலையும் பாருங்கள்.

கடையில் மாட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது முழங்காலுக்கு நேரே குறுக்காக இருக்கும் மூன்று தடித்த பட்டைகளை. முழங்கால் சில்லு நடுப்பட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டும். கால் வளர வளர முழங்கால் பேட்டில் மேலே ஏறும். ஆகவே நடுப்பட்டைக்குச் சற்றுக் கீழே இருந்தால் பரவாயில்லை, வளர இடமிருக்கிறது. இப்போதே மேல்பட்டையைத் தொட்டால் வாங்காதீர்கள். சில மாதங்களில் முழங்காலே வெளியே வந்துவிடும்.

பெரியவர்கள் பேட்டில் அந்தப் பட்டைகள் முழங்காலுக்கு மேலே போய்விடும். முன்காலை எடுத்துவைத்து மடக்கும்போது பேட் மடங்காது, மேல்நுனி தொடையில் இடிக்கும், ஓடும்போது தடுக்கும். மட்டை பேட்டில் உரசும் சத்தத்துக்கே கீப்பர் அவுட் கேட்பார்! கடையிலேயே மட்டையைக் கொடுத்து ஒரு ஃபார்வர்டு டிபென்ஸ் ஆடச் சொல்லுங்கள், நாலு அடி ஓடவும் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கையுறையைத் தனியாக அளந்து வாங்குங்கள். இரண்டையும் சேர்த்து ‘செட்’டாகத் தந்தால் ஏற்காதீர்கள். இந்த வயதில் கையும் பாதமும் உடம்பை முந்திக்கொண்டு வளரும். பேட் யூத் அளவாகவும், கையுறை அதற்கு அடுத்த அளவாகவும் அமைவது சகஜம். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, அவன் சொந்த மட்டையின் பிடியைப் பிடித்த நிலையில் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் அரை செ.மீ. அளவு இடைவெளி போதும். நுனி முட்டினால் பந்தின் அடி நேரே விரலில் இறங்கும்; அதிகம் தொளதொளத்தால் கையுறை விரலைச் சுற்றித் திரும்பி, பஞ்சு வைத்த பக்கம் பந்துக்கு எதிரே நிற்காது.

பையன் இடதுகை ஆட்டக்காரன் என்றால் அதையும் சொல்லிக் கேளுங்கள். மட்டையைக் கீழே பிடிக்கும் கையின் கட்டைவிரலுக்குத்தான் கூடுதல் காப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். வலதுகைக்காரரின் ஜோடியில் அது தவறான கையில் இருக்கும்.