எனக்குத் தட்டணு குறையவில்லை, குழந்தைக்கு மட்டும் ஏன்?

“என் தட்டணு எண்ணிக்கை 2.4 லட்சம், பிறந்த மறுநாள் குழந்தைக்கு 18,000தான். என் எதிர்ப்பொருள்தான் காரணமாம். அப்படியானால் எனக்கும் குறைந்திருக்க வேண்டாமா?”

வேண்டாம், உங்களுக்குக் குறையாததே முக்கியமான தடயம். தந்தையிடமிருந்து குழந்தை பெற்ற ஒரு தட்டணுப் புரதக்கூறு உங்கள் தட்டணுக்களில் இல்லாததால், அதை அந்நியமெனக் கருதி உங்கள் உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள், நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் தட்டணுக்களை மட்டுமே அழிக்கிறது. உங்கள் தட்டணுக்களையே தாக்கும் வேறு நோயாக இருந்தால், பெரும்பாலும் உங்கள் எண்ணிக்கையும் தாழ்ந்திருக்கும்.

இதை உறுதிசெய்ய, எச்.பி.ஏ எனப்படும் இந்தத் தட்டணுப் புரதக்கூறுகளில் பெற்றோர் இருவரின் வகையையும் உங்கள் சீரத்தில் உள்ள எதிர்ப்பொருளையும் பரிசோதிக்கக் கேளுங்கள். ஐரோப்பியரிடையே எச்.பி.ஏ-1ஏ என்ற கூறுக்கு எதிரான எதிர்ப்பொருளே மிகுதி. ஆசியரிடையே அக்கூறு இல்லாத தாய்மார் மிக அரிது என்பதால், அந்த ஒன்றை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று வரும் முடிவு போதாது. உங்கள் சீரத்தைக் கணவரின் தட்டணுக்களோடு சேர்த்துப் பார்க்கும் சோதனை இங்கே கைகொடுக்கும்.

முடிவு வர நாட்களாகலாம். இந்த எண்ணிக்கையில் தட்டணு ஏற்றுவதையும், மூளையில் கசிவு உண்டா என்று தலையை ஸ்கேன் செய்வதையும் அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த கர்ப்பத்தில் இது மீண்டும், இன்னும் கடுமையாகவும் வரக்கூடும் என்பதால், கருத்தரிக்கும் முன்பே கருநல மருத்துவரிடம் இந்த அறிக்கைகளைக் காட்டுங்கள்.